முதல் வேலையிலிருந்து விலகும்போது எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் நான் இருந்த காலத்தில், ஊழியர்களின் பதவி விலகல் கடிதங்கள் என் மேசைக்கே முதலில் வந்தன. முதல் வேலையை விடுபவர்கள் அவற்றை எழுதுவதற்கு முன்பு என்னிடம் வந்து கேட்ட சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். இவை தனியார் நிறுவன ஊழியர்களுக்கானவை. அரச ஊழியர்களுக்குத் தாபன விதிக்கோவையின்படி வேறு நடைமுறை உண்டு.

அக்கா, வேலையை விடுறதெண்டால் கடிதத்தில என்னென்ன எழுத வேணும்?

நான்கு விடயங்கள் போதும். எந்தப் பதவியிலிருந்து விலகுகிறீர்கள் என்பது முதலாவது. எவ்வளவு கால முன்னறிவித்தல் கொடுக்கிறீர்கள் என்பதும், அதன்படி உங்கள் கடைசி வேலை நாள் எந்தத் திகதி என்பதும் அடுத்தவை. பொறுப்புகளை ஒப்படைப்பது பற்றிய ஒரு வரியும் நன்றியும் கடைசியில் வரும். மேலே உங்கள் முகவரி, திகதி, பெறுநரின் பதவிப் பெயர், விடயத் தலைப்பு ஆகியவை இருக்கும். கீழே கையொப்பமும் பெயரும் ஊழியர் இலக்கமும் இருக்கும். எல்லாம் சேர்ந்து அரைப் பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை.

விலகுகிறேன் என்ற வசனம் முதலிலேயே வர வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கதையைத் தொடங்கி, இரண்டாவது பக்கத்தில் விலகலைச் சொன்ன கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன். அவற்றைப் பெற்ற முகாமையாளர்கள் சிலர் சம்பள உயர்வுக்கான விண்ணப்பம் என்று நினைத்து ஒதுக்கி வைத்து விட்டார்கள்.

நோட்டிஸ் எத்தனை நாள் குடுக்க வேணும் எண்டு எங்க பாக்கிறது?

உங்கள் நியமனக் கடிதத்தில் பாருங்கள். சேவையை முடிவுறுத்தல் என்ற தலைப்பின் கீழோ, கடைசிப் பந்திகளில் ஒன்றிலோ அது இருக்கும். "இரு தரப்பினரில் எவரும் ஒரு மாத எழுத்துமூல முன்னறிவித்தல் கொடுத்தோ, அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் செலுத்தியோ சேவையை முடிவுறுத்தலாம்" என்பது போன்ற வசனமே பெரும்பாலும் காணப்படும். அந்த வசனத்தில் "ஒரு மாதம்" என்று இருக்கிறதா, "30 நாட்கள்" என்று இருக்கிறதா, "வேலை நாட்கள்" என்று இருக்கிறதா என்பதைச் சொல்லுக்குச் சொல் கவனியுங்கள். இந்த மூன்றும் வெவ்வேறு திகதிகளைத் தரும்.

முதல் வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தகுதிகாண் காலத்துக்கு வேறு முன்னறிவித்தல் குறிப்பிடப்பட்டிருக்கலாம். அது பெரும்பாலும் குறுகியதாக இருக்கும். தகுதிகாண் காலம் முடிந்து உங்களை நிரந்தரமாக்கிய கடிதம் வந்திருந்தால் அதையும் எடுத்து வாசியுங்கள், ஏனெனில் முன்னறிவித்தல் காலம் அங்கே மாற்றப்பட்டிருக்கக்கூடும். நியமனக் கடிதமே தரப்படவில்லையென்றால், மாதச் சம்பளம் பெறுபவர் ஒரு மாதம் கொடுப்பதே வழக்கம். அதைக் கொடுத்துவிட்டால் எவரும் உங்களைக் குறை சொல்ல இடமிராது.

கடைசி நாளை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

கடிதம் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்த நாளை விட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கடிதத்தின் மேலே நீங்கள் எழுதிய திகதி இந்தக் கணக்கில் வராது. பலர் பிழைவிடும் இடம் இதுவே.

ஓர் உதாரணத்தைத் தொடர்ந்து பார்ப்போம். கணக்கு உதவியாளராக வேலை செய்யும் ஒரு பெண் தன் கடிதத்தை 2025 யூலை 2, புதன்கிழமை கொடுக்கிறார். நியமனக் கடிதத்தில் "ஒரு மாதம்" என்று இருந்தால், யூலை 3இல் தொடங்கும் மாதம் ஓகஸ்ட் 2இல் முடிகிறது. அதாவது அடுத்த மாதத்தின் அதே திகதி. "30 நாட்கள்" என்று இருந்தால் யூலை மாதத்தில் 29 நாட்களும் ஓகஸ்டில் ஒரு நாளுமாக, ஓகஸ்ட் 1இல் முடிகிறது. வித்தியாசம் ஒரே நாள்தான். ஆனால் அவருடைய புதிய நிறுவனம் ஓகஸ்ட் 1ஆம் திகதியே வரும்படி கேட்டிருந்தது; எந்த முறையில் எண்ணினாலும் அந்த நாளில் அவர் பழைய இடத்தின் ஊழியர். ஆகவே அவர் கடிதம் கொடுப்பதற்கு முன்பே புதிய இடத்துடன் பேசி, ஓகஸ்ட் 4, திங்கட்கிழமை சேர்வதாக மாற்றிக்கொண்டார். புதிய இடத்துக்குத் திகதி சொல்வதற்கு முன்பு இந்தக் கணக்கைச் செய்துவிட வேண்டும்.

இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளும் போயா விடுமுறைகளும் கணக்கில் சேரும், "வேலை நாட்கள்" என்று எழுதப்பட்டிருந்தாலன்றி. பெப்ரவரியில் வித்தியாசம் பெரிதாகும். பெப்ரவரி 2இல் கொடுத்தால் ஒரு மாதம் மார்ச் 2இல் முடியும். 30 நாட்களோ, நெட்டாண்டல்லாத ஆண்டில், மார்ச் 4 வரை போகும்.

திகதி போடாமல் "ஒரு மாதத்தில் விலகுகிறேன்" எண்டு எழுதினால் போதாதோ?

போதாது. என்னுடைய முதல் வேலையிலிருந்து விலகியபோது நானே அப்படித்தான் எழுதினேன்: "இம்மாதத்துடன் விலகிக்கொள்கிறேன்" என்று. கடிதத்தை மாதத்தின் 6ஆம் திகதி கொடுத்திருந்தேன். மாத முடிவில் விடைபெற்றேன். நிறுவனமோ கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்தை எண்ணி, அடுத்த மாதத்தின் முதல் ஆறு நாட்களுக்கு நான் சொல்லாமல் வராதிருந்ததாகப் பதிந்தது. கடைசிச் சம்பளம் பல வாரங்கள் தாமதமானது. அதைவிட, சேவைச் சான்றிதழில் என்ன திகதி எழுதுவது என்பதில் ஏற்பட்ட இழுபறிதான் என்னை அதிகம் வருத்தியது. திகதியை எழுதியிருந்தால் கடிதம் கொடுத்த அன்றே அந்த வேறுபாடு தெரிந்து, அன்றே தீர்ந்திருக்கும்.

ஆகவே முன்னறிவித்தல் காலத்தையும் எழுதுங்கள், திகதியையும் எழுதுங்கள். ஒன்று மற்றதைச் சரிபார்க்கும்.

முழுக் கடிதத்தையும் ஒருக்கால் எழுதிக் காட்டுவீங்களோ?

மேலே சொன்ன கணக்கு உதவியாளரின் கடிதம் இப்படி அமையும். இடப்பக்கத்தில் அவருடைய முகவரி, அதன் கீழ் திகதி, பின்பு பெறுநரின் பதவியும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், அதன் பின்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> கணக்கு உதவியாளர் பதவியிலிருந்து விலகுதல்
>
> தங்கள் நிறுவனத்தில் நான் வகித்துவரும் கணக்கு உதவியாளர் பதவியிலிருந்து விலகுவதை இக்கடிதத்தின் மூலம் அறியத்தருகிறேன்.
>
> எனது நியமனக் கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ளவாறு ஒரு மாத முன்னறிவித்தலை இன்று, 2025 யூலை 2ஆம் திகதி, வழங்குகிறேன். அதன்படி எனது கடைசி வேலை நாள் 2025 ஓகஸ்ட் 2, சனிக்கிழமை ஆகும்.
>
> என் பொறுப்பிலுள்ள சில்லறைக் காசுப் பதிவேட்டையும் வழங்குநர் கொடுப்பனவுக் கோப்புகளையும் அத்திகதிக்கு முன்னர் தாங்கள் நியமிக்கும் ஒருவரிடம் ஒப்படைப்பேன்.
>
> வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தனியே தயாரிக்கும் அளவுக்கு எனக்குப் பயிற்சியளித்தமைக்காகத் தங்களுக்கும் கணக்குப் பிரிவினருக்கும் எனது நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,

இதன் கீழ் கையொப்பம், முழுப்பெயர், ஊழியர் இலக்கம். ஒப்படைப்பு வரியில் பதிவேட்டின் பெயரையே அவர் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "எல்லாப் பொறுப்புகளையும்" என்று எழுதினால், பிற்பாடு காணாமற்போகும் எந்தக் கோப்புக்கும் உங்களைக் கேட்பார்கள். கிழமையையும் எழுதியிருக்கிறார், திகதியில் எண் பிழைத்தால் கிழமை காட்டிக்கொடுக்கும்.

ஏன் விலகுறன் எண்ட காரணத்தை எழுதத்தான் வேணுமோ?

கட்டாயமில்லை. எழுத விரும்பினால் "மேற்படிப்பைத் தொடர்வதற்காக" அல்லது "வேறு வேலை வாய்ப்பு ஒன்றை ஏற்பதற்காக" என்று ஒரு தொடர் போதும். போகும் நிறுவனத்தின் பெயரையும் அங்கே தரும் சம்பளத்தையும் எழுத வேண்டாம்.

மனக்குறை இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். விலகல் கடிதம் உங்கள் தனிநபர் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். நாளை உங்களைப் பற்றி விசாரிக்கும் ஒருவருக்காக அந்தக் கோப்பைத் திறப்பவர், நடந்ததை அறியாத புதிய முகாமையாளராக இருக்கலாம்.

கடைசியில மரியாதையா எப்பிடி முடிக்கிறது? நன்றி எண்டு மட்டும் போட்டால் காணுமோ?

ஒரு வசனம் போதும், ஆனால் அது உங்கள் வேலையைத் தொட்டதாக இருக்கட்டும். அந்தப் பெண் கணக்கிணக்கக் கூற்றைக் குறிப்பிட்டது போல, அங்கே நீங்கள் உண்மையில் கற்ற ஒன்றைச் சொல்லி நன்றி கூறுங்கள். சொல்வதற்கு அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால், "இங்கு பணியாற்றக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உணராத நன்றியை நீட்டி எழுதினால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகளிடம் நான் காணும் தவறு வேறு திசையிலானது. "என்னை மன்னித்து விடுவிக்குமாறு தாழ்மையுடன் மன்றாடுகிறேன்" என்று எழுதுகிறார்கள். பாடசாலைக் கடிதங்களில் கற்ற பணிவு அது. ஆனால் இங்கே அது பொருளையே மாற்றிவிடுகிறது. விலகுவதாக அறிவிப்பது ஒன்று, விலக அனுமதி கேட்பது இன்னொன்று. "அனுமதி தருமாறு" என்று எழுதிய கடிதத்துக்கு "அனுமதிக்கவில்லை" என்று பதில் வர இடமுண்டு. "ஐயா" அல்லது "அம்மணி" என்று விளித்து, "அறியத்தருகிறேன்" என்று சொல்லி, "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்தால் மரியாதை நிறைவாகவே இருக்கிறது.

தமிழில எழுதலாமோ, இங்கிலீசில எழுத வேணுமோ?

உங்கள் நியமனக் கடிதம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். தலைமை அலுவலகம் கொழும்பில் உள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கோப்புகளை வைத்திருக்கும். அமைப்பும் வரிசையும் எந்த மொழியிலும் ஒன்றே.

கடிதத்தை ஆரிட்டக் குடுக்கிறது? மனேஜர் கொழும்பில நிண்டால் என்ன செய்யிறது?

நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்ட பதவிக்கு முகவரியிட்டு, உங்கள் நேரடி மேலாளருக்குப் பிரதி காட்டுங்கள். கொடுப்பதற்கு முன்பு மேலாளரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மனிதவளப் பிரிவிலிருந்து செய்தியை முதன்முதலாக அறிவது அவருக்கு மனத்தாங்கலை உண்டாக்கும்.

இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்ற குறிப்பும் திகதியும் கையொப்பமும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் பற்றிய கணக்கு முழுவதும் அந்தத் திகதியில் தொங்குகிறது. நம் கணக்கு உதவியாளர் யூலை 2 என்று திகதியிட்ட கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்து, முகாமையாளர் கொழும்பிலிருந்து திரும்பி அதை 4ஆம் திகதி கண்டிருந்தால், நிறுவனம் ஓகஸ்ட் 4 வரை நிற்கச் சொல்லியிருக்கும். அது புதிய வேலையின் முதல் நாள். எனவே பெறுநர் அலுவலகத்தில் இல்லையென்றால், கையொப்பமிட்ட கடிதத்தை ஸ்கான் செய்து அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, மூலப்பிரதியை அலுவலகத்தில் பொறுப்பானவரிடம் கொடுங்கள். மின்னஞ்சலின் உடலிலும் கடைசி நாளை எழுதி, கிடைத்ததை உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மிச்ச லீவை நோட்டிசுக்குள்ள கழிக்கலாமோ?

நிறுவனம் சம்மதித்தால் கழிக்கலாம். நீங்களாகவே தீர்மானித்துக்கொண்டு வராமல் விட முடியாது. அத்துடன் முதல் வேலையில் இருப்பவர்கள் தங்களிடம் எவ்வளவு விடுமுறை இருக்கிறது என்பதை அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடாந்த விடுமுறை 14 நாட்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டாவது ஆண்டில் கிடைக்கும் எண்ணிக்கை, முதலாவது ஆண்டின் எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒக்டோபர் முதலாம் திகதியிலோ அதன் பின்னரோ சேர்ந்தவருக்கு அது 4 நாட்கள் மட்டுமே. மனிதவளப் பிரிவிடம் இருப்பை எழுத்தில் கேட்டபின் பேசுங்கள்.

சம்மதம் கிடைத்தால் கடிதத்தில் இரண்டு திகதிகள் வேண்டும்: அலுவலகத்துக்கு வரும் கடைசி நாள், சேவை முடிவடையும் நாள். உதாரணமாக, நல்லூர்த் திருவிழாவுக்காகக் கடைசி மூன்று நாட்கள் விடுமுறை எடுத்தால், வேலைக்கு வரும் நாள் முன்னதாகவும் சேவை முடிவு ஓகஸ்ட் 2ஆகவும் இருக்கும். சம்பளமும் ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பும் இரண்டாவது திகதி வரை கணக்கிடப்பட வேண்டும்.

புது இடத்தில உடன வரச் சொல்லுகினம், ஒரு மாதம் நிக்க ஏலாது. என்ன எழுதுறது?

முன்னறிவித்தலை முழுமையாகக் குறிப்பிட்டு, அதன்பின் முன்கூட்டியே விடுவிக்கும்படி கேளுங்கள். இங்கே மட்டும் வேண்டுகோள் மொழி பொருத்தமானது. "எனது முன்னறிவித்தல் காலம் ஓகஸ்ட் 2இல் முடிவடைகிறது; இயலுமாயின் யூலை 19ஆம் திகதியுடன் என்னை விடுவிக்குமாறும், எஞ்சிய காலத்துக்கான சம்பளத்தை எனது இறுதிக் கணக்கில் சரிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்" என்பது போல எழுதலாம். மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று கொள்வோம். யூலை 20 முதல் ஓகஸ்ட் 2 வரை 14 நாட்கள். மாதத்தை 30 நாளாக வகுத்தால் நாளொன்றுக்கு 2,000 ரூபா வீதம் 28,000 ரூபா வருகிறது.

ஆனால் நியமனக் கடிதத்தின் வசனம் முழு மாதச் சம்பளத்தைக் கேட்பதாகவும் வாசிக்கப்படலாம். எஞ்சிய நாட்களுக்கு மட்டும் அறவிடுவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் பெறுங்கள். பயிற்சிக்காகப் பிணைப்பத்திரம் ஏதாவது கையொப்பமிட்டிருந்தால் அதன் தொகை இதற்குப் புறம்பானது. அதையும் முன்கூட்டியே எடுத்து வாசியுங்கள். பதில் வருவதற்கு முன்பு புதிய இடத்துக்கு உறுதி கொடுக்காதீர்கள்.

கடிதத்தை ஏற்கமாட்டம் எண்டு சொன்னால்?

ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவித்தலை முழுமையாகக் கொடுத்து விலகுவது, ஒப்பந்தம் உங்களுக்குத் தந்த உரிமை. கடிதம் கிடைத்ததற்கான சான்று இருந்தால், முன்பு சொன்ன கணக்கின்படி காலம் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கவே மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை ஒழுங்காக வேலைக்குச் செல்லுங்கள். இடையில் நின்றால் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கொடுத்த கடிதத்தை மனம் மாறித் திருப்பி எடுக்க வேண்டுமானால் நிறுவனத்தின் சம்மதம் தேவை. புதிய இடத்தின் நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வருவதற்கு முன்பு விலகல் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நான் ஒவ்வொருவருக்கும் சொன்னது இதனால்தான்.

"நீங்களே இராஜினாமா எழுதித் தாங்கோ" எண்டு நிர்வாகமே கேட்டால்?

அன்றே கையொப்பமிடாதீர்கள். யோசிக்க நேரம் கேட்டு வீட்டுக்கு வாருங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஊழியர்களின் வேலையை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். நீங்களாக எழுதிய விலகல் கடிதம் அந்தப் பாதுகாப்பை இல்லாமற் செய்துவிடும். அதனால்தான் அவர்கள் கடிதத்தைக் கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் அலுவலகத்துக்கு நியமனக் கடிதத்தையும் சம்பளப் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு போய் ஆலோசனை கேளுங்கள். எழுதத்தான் வேண்டுமென்று பின்னர் தீர்மானித்தால், உண்மையில்லாத "சொந்தக் காரணங்களுக்காக" என்ற தொடரை எழுதாதீர்கள்.

கடைசி நாளில கையில என்னத்தை வாங்கிக்கொண்டு வரவேணும்?

பொறுப்புகளை ஒப்படைத்ததற்கான கையொப்பமிட்ட பட்டியல், சேவைச் சான்றிதழ், இறுதிச் சம்பளக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் ஆகியவை. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் நிறுவனத்திலிருந்து 12 வீதமும் செல்ல வேண்டும். கடைசி மாதத்தின் ஒரு பகுதிச் சம்பளத்துக்கும் அது பொருந்தும். சான்றிதழ் அன்றே தயாராகாவிட்டால் எப்போது தருவார்கள் என்று கேட்டு, மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்தவுடன், கதவைத் தாண்டுவதற்கு முன்பே, அதிலுள்ள சேவை முடிவுத் திகதியை உங்கள் கடிதத்தின் பிரதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் அங்கேயே திருத்தித் தரச் சொல்லுங்கள்.